பிரிண்டரின் விலாசத்தை ரவுட்டரில் பதியுங்கள்

வாடகை வீட்டில் நாலைந்து பேர் காசு போட்டு வாங்கின பிரிண்டர் ஒருநாள் திடீரென்று ‘Offline’ என்று காட்டும். மை இருக்கு, தாள் இருக்கு, பச்சை லைட்டும் எரியுது. ஆனால் லப்டொப்பில் இருந்து ஒன்றும் போகாது. உடனே ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச’ ஒருவருக்கு கோல் போகும். அவர் வந்து பிரிண்டரின் சின்னத் திரையில் எதையோ தட்டி, அதற்கு ஒரு நிலையான ஐபி முகவரியைக் கையால் போட்டுவிட்டு, “இனிப் பிரச்சினை வராது” எண்டு சொல்லி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவார்.

அந்த வைத்தியம் பிழை என்பதுதான் என் வாதம். முகவரி மாறக்கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் முரண்பாடு இல்லை. அதை எங்கே எழுதி வைப்பது என்பதில்தான் முரண்பாடு. அவர் பிரிண்டரில் எழுதுகிறார், நான் ரவுட்டரில் எழுதச் சொல்கிறேன்.

முதலில் முகவரி ஏன் மாறுது எண்டு பார்ப்போம். வீட்டு வைஃபையில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கும். இதைச் செய்கிற ஏற்பாட்டுக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். கொடுப்பது சொந்தமாக அல்ல, வாடகைக்கு. பல வீட்டு ரவுட்டர்களில் அந்த வாடகைக் காலம் 24 மணித்தியாலம். கருவி ஓடிக்கொண்டிருந்தால் பாதிக் காலம் போனதும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே எப்போதும் ஓனில் இருக்கிற கருவிக்கு எண் பெரும்பாலும் மாறாது. ஆனால் பிரிண்டரை யார் எப்போதும் ஓனில் வைத்திருக்கிறார்கள்?

ஏழு பேர் இருக்கிற ஒரு வீட்டை எடுங்கோ. ரவுட்டர் 192.168.1.1. பிரிண்டருக்கு முதல்நாள் 192.168.1.5 கிடைத்தது. ஒவ்வொருவரின் லப்டொப்பிலும் பிரிண்டரைச் சேர்க்கும்போது ‘பிரிண்டர் என்றால் 1.5’ என்று பதிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிரிண்டரை நிற்பாட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். சனிக்கிழமையே 1.5 இன் வாடகை முடிந்துவிடும். ஞாயிறு இரவு ஒருத்தியின் தங்கச்சி வந்து தன் போனை வைஃபையில் போடுகிறாள். ரவுட்டர் சும்மா கிடந்த 1.5 ஐ அந்தப் போனுக்குக் கொடுக்கிறது. திங்கள் பிரிண்டரை ஓன் பண்ணினால் அதற்கு 1.9 கிடைக்கிறது. ஏழு லப்டொப்பும் இன்னும் 1.5 ஐத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, அதாவது தங்கச்சியின் போனை. கரண்ட் போய் வந்தாலும் இதே கதை நடக்கலாம். சில ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை, அணைந்தவுடன் மறந்துவிடும்.

பிரிண்டர் இங்கே பழுதாகவே இல்லை. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டால் வேலை செய்வது ஏனென்றால், மறுபடி போடும்போது லப்டொப் புது எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அடுத்த வெள்ளி வரை தாங்கும்.

இனி அந்த அண்ணாவின் வைத்தியத்துக்கு வருவோம். அவர் பிரிண்டரில் 192.168.1.5 என்று கையால் எழுதிவிட்டார். பிரிண்டர் இனி ரவுட்டரிடம் எதுவும் கேட்காது. கேட்காததால் ரவுட்டருக்கும் 1.5 இல் ஆள் இருக்கு எண்டு தெரியாது. விதானையாரிடம் பதியாமல் ஒருவர் தன் கேற்றில் தானே ஒரு வீட்டிலக்கத்தை எழுதித் தொங்கவிட்ட மாதிரி. பிரிண்டர் நிற்பாட்டிக் கிடக்கிற நேரத்தில் ரவுட்டர் அதே 1.5 ஐ இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடலாம். பிறகு பிரிண்டரை ஓன் பண்ணினால் ஒரே எண்ணில் இரண்டு பேர். அந்தப் போனில் இன்டர்நெட் விட்டு விட்டு வரும், பிரிண்ட் பாதியில் நிற்கும், காரணம் ஒருவருக்கும் பிடிபடாது. ‘சிக்னல் சரியில்லை’ எண்டு ரவுட்டரைத் திட்டுவார்கள்.

இதைவிட மோசமானது ரவுட்டர் மாறும் நாள். 192.168.1 என்று தொடங்கும் வீட்டில், ஃபைபர் பழுதாகி ஒரு கிழமைக்கு 4ஜி ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அவற்றில் சில 192.168.8.1 இல் இருப்பவை. வீட்டின் எண்கள் எல்லாம் 192.168.8 என்று தொடங்கும். பிரிண்டர் மட்டும் பழைய தெருவின் இலக்கத்தோடு நிற்கும், ஒரு லப்டொப்பாலும் அதை எட்ட ஏலாது. பிரிண்டரை ‘Automatic’ இல் விட்டிருந்தால் அது புது ரவுட்டரிடம் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கும். லப்டொப்புக்குப் புது எண்ணைச் சொன்னால் போதும்.

ஆகவே பதிவு ரவுட்டரில் இருக்கட்டும். அங்கே செய்வது இவ்வளவுதான்: ‘இந்தக் கருவி எப்போது வந்து கேட்டாலும் இந்த எண்ணையே கொடு, வேறு ஒருவருக்கும் கொடுக்காதே’ என்று ஒரு வரி எழுதுவது. கருவியை ரவுட்டர் அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியால். அது வலைப் பகுதியில் பதிந்து வருகிற பன்னிரண்டு எழுத்தெண், நம்மடை அடையாள அட்டை இலக்கம் போல. பிரிண்டரின் மெனுவில் இருந்து ‘Network Configuration’ தாளை அடித்தால் அதில் இருக்கும். உதாரணத்துக்கு 00:00:5E:00:53:1A என்று வைப்போம். ஒன்றைக் கவனியுங்கள்: கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறொரு மேக். பிரிண்டர் வைஃபையில் ஓடினால் வைஃபை மேக்கையே எடுக்க வேண்டும். பதிந்தும் எண் வரவில்லை என்பவர்களில் பலர் சறுக்குகிற இடம் இது.

பிறகு பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போங்கள். கடவுச்சொல்லை ஒருவரும் மாற்றாவிட்டால் அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். LAN அல்லது DHCP என்ற பக்கத்தில் இந்த வசதி இருக்கும். பெயர்தான் ஒவ்வொன்றிலும் வேறு: ‘Address Reservation’, ‘Static Lease’, ‘DHCP Binding’ என்று ஏதாவது ஒன்று. அங்கே இரண்டு கட்டங்கள். ஒன்றில் மேக்கை எழுதுங்கள். மற்றதில் 192.168.1.50 போல, இப்போது ஒருவரிடமும் இல்லாத ஒரு எண்ணை எழுதுங்கள். சில ரவுட்டர்கள் தாங்கள் வழங்கும் எல்லைக்குள் இருக்கிற எண்ணை மட்டுமே ஏற்கும். அதே பக்கத்தில் ‘Start’, ‘End’ என்று அந்த எல்லை தெரியும், அதற்குள் இருந்தே எடுத்தால் வம்பில்லை. ‘Save’ பண்ணுங்கள்.

பிரிண்டரில் யாராவது முன்பு கையால் எண் போட்டிருந்தால் அதை ‘Automatic’ அல்லது ‘DHCP’ என்று திருப்பி விட வேண்டும். கேட்காதவருக்கு ரவுட்டரால் கொடுக்க முடியாது. பிறகு பிரிண்டரை நிற்பாட்டி ஓன் பண்ணுங்கள். பழைய வாடகை முடியும்வரை பழைய எண்ணையே அது பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால்தான் இந்த நிற்பாட்டல். விண்டோஸ் லப்டொப்பில் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
ping 192.168.1.50
arp -a 192.168.1.50
```

முதல் வரிக்குப் பதில் வந்தால் மட்டும் சந்தோசப்பட வேண்டாம். அந்த எண்ணில் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம், தங்கச்சியின் போனும் பதில் சொல்லும். இரண்டாவது வரி காட்டுகிற மேக், பிரிண்டர் அடித்த தாளில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடைசியாக ஒவ்வொரு லப்டொப்பிலும் ‘Printer properties’ க்குள் ‘Ports’ க்குப் போய், ‘Add Port’, ‘Standard TCP/IP Port’ என்று புது எண்ணைக் கொடுக்க வேண்டும். ஏழு லப்டொப் என்றால் ஏழு தரம். அலுப்புத்தான், ஆனால் அதே ரவுட்டர் இருக்கும்வரை ஒருக்காச் செய்தால் காணும்.

‘இப்ப வாற பிரிண்டரை லப்டொப்பும் போனும் பெயரை வைச்சே கண்டுபிடிக்குமே, எண் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உங்கள் பிரிண்டர் அப்படி ஒழுங்காக வேலை செய்தால் இதெல்லாம் தேவையில்லை, விடுங்கள். எங்களைப் போல இரண்டாம் கை லேசர் பிரிண்டர் வாங்குபவர்களுக்கு அந்தக் கொடுப்பினை எப்போதும் இல்லை. வீட்டில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு எண் இன்னும் அவசியம். பழைய லப்டொப் ஒன்றில் ஸ்கேன் பண்ணிய வாசிப்புகளையும் பாஸ்ட் பேப்பர்களையும் போட்டு, எல்லோரின் போனிலும் http://192.168.1.60:8080 என்று புக்மார்க் பண்ணி வைத்திருந்தால், எண் மாறுகிற அன்று எல்லாப் புக்மார்க்கும் ஒரேயடியாகச் செத்துவிடும்.

பழைய போனை சேர்வர் ஆக்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல். புதிய ஆண்ட்ரொய்டும் ஐபோனும் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக்கைக் காட்டும். அந்த வைஃபையை ‘Forget’ பண்ணிவிட்டுச் சேர்ந்தால் அது மாறிவிடவும் கூடும், மாறினால் ரவுட்டர் ஆளை அடையாளம் காணாது. வைஃபை செட்டிங்ஸில் ‘Privacy’ க்குள் போய் உண்மையான மேக்கைத் தெரிவுசெய்த பிறகே பதிய வேண்டும். அதுபோல மேல்மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் போட்டிருந்தால், அதுவும் தனியாக எண் வழங்குதா எண்டு பாருங்கள். வழங்கினால் நீங்கள் முதலாவதில் எழுதியது மேலே செல்லாது.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. பெட்டையள் இருக்கிற வீடுகளில் ரவுட்டரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கார அன்ரியின் மகனிடம், அல்லது போட்டுத் தந்துவிட்டுப் போன யாரோ அண்ணாவிடம். மாதக் கட்டணம் கட்டுவது நாங்கள். அசைன்மென்ட் கொடுக்கிற இரவில் பிரிண்டர் நின்றால் பத்து மணிக்கு யாரையாவது கெஞ்ச வேண்டியதும் நாங்கள்தான். ‘கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு உதெல்லாம் விளங்காது’ என்ற பேச்சு இலவச இணைப்பு. இரண்டு கட்டங்களை நிரப்புகிற வேலையில் விளங்காமல் போக என்ன இருக்கு? ரவுட்டரை முழுதாய்க் கையில் தர அன்ரிக்குப் பயம் என்றால் அதுவும் நியாயம்தான், வைஃபையின் பெயரையே மாற்றிவிடுகிற ஆட்களும் இருக்கினம். அவவைப் பக்கத்தில் இருத்தி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டிச் செய்யலாம்.

செய்து முடித்ததும் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டு வட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். ரவுட்டரை ‘Reset’ பண்ணினாலோ, இன்டர்நெட் கொம்பனி வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினாலோ பதிவு முழுக்க அழிந்துபோகும். ஸ்கிரீன்ஷொட் இருந்தால் அடுத்த வருசம் அந்த அறைக்கு வருகிற பிள்ளை அதைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்வாள்.