மூன்று லைட் போட்டாச்சு, ஆனால் இப்ப நேரம் என்ன?

மாணவர் அனிமேஷன் குறும்படங்களைத் தொடர்ந்து பார்க்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கும். கதை காலையில் நடந்தாலும் மத்தியானம் நடந்தாலும் பாத்திரத்தின் முகத்தில் விழுகிற வெளிச்சம் ஒன்றுதான். இடப்பக்கம் மேலே இருந்து ஒரு பெரிய லைட், வலப்பக்கம் அதிலும் மங்கலாக இன்னொன்று, தோளுக்குப் பின்னால் ஒரு கோடு. பிளெண்டரில் Tri-lighting என்ற ஆட்-ஒன் இந்த மூன்றையும் ஒரே சொடுக்கில் போட்டுத் தரும். முகம் வடிவாகத்தான் தெரியும். ஆனால் அது ஸ்டூடியோவில் எடுத்த அடையாள அட்டைப் படம் மாதிரி. அங்கே மணி எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

என்னுடைய கருத்து இதுதான்: கீ, ஃபில், ரிம் என்பவை மூன்று விளக்குகள் இல்லை, மூன்று வேலைகள். கீ உருவத்தைக் காட்டுகிறது. ஃபில் நிழல் எவ்வளவு ஆழம் என்று தீர்மானிக்கிறது. ரிம் ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கிறது. ஒவ்வொரு வேலையையும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் எது செய்யும் என்று கேட்காமல் லைட் வைத்தால் காட்சிக்கு நேரமே இருக்காது.

ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் மேற்குப் பார்த்த வீடு. விறாந்தையில் அம்மம்மா கதிரையில் இருந்து சுளகில் அரிசி புடைக்கிறா. பின்னேரம் ஐந்தேகால். கமரா விறாந்தையின் தெற்கு அந்தத்தில் நின்று வடக்கே பார்க்குது. இடப்பக்கம் முற்றம், வலப்பக்கம் சுண்ணாம்பு பூசின வெள்ளைச் சுவர்.

முதலில் கீ. இங்கே கீ என்றால் சூரியன். பாடங்களில் வழக்கமாகச் சொல்லுகிற உயரம் 45 பாகை. மார்ச் மாதத்தில் எங்கட ஊரில் சூரியன் அந்த உயரத்தில் நிற்பது பொழுது படுவதற்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் முன்னுக்கு. அப்ப நிழல் பொருளின் உயரமளவுதான் இருக்கும். பொழுது பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போது சூரியன் ஏறக்குறைய 15 பாகைக்கு இறங்கிவிடும், நிழல் உயரத்தைப் போல நாலு மடங்குக்குக் கிட்ட நீளும். பிளெண்டரின் Sun லைட் திருப்பாத நிலையில் நேரே கீழே பார்க்கும். ஆகவே 15 பாகை உயரம் வேண்டுமென்றால் X சுழற்சி 75. Sun லைட்டை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒன்றும் மாறாது, திருப்பினால்தான் மாறும். இந்தச் சரிவில் வெய்யில் தாழ்வாரத்துக்குக் கீழால் நுழைந்து, தூண்களின் நிழலை நிலத்திலும் சுவரிலும் நீட்டிவிடும். பின்னேரம் என்று சொல்வதில் பாதி வேலை அந்தத் தூண் நிழலோடேயே முடிஞ்சுது.

மத்தியானமாக இருந்தால் கணக்கே வேறு. ஏப்ரலில் வெய்யில் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், விறாந்தைக்குள் வரவே வராது. முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்தான் அங்கே கீ. அது கீழேயிருந்து வரும்; நாடியின் அடிப்பக்கம் வெளிச்சமாகவும் கூரையின் உட்பக்கம் மெல்லிய மஞ்சளாகவும் இருக்கும். ‘மேலேயிருந்து 45’ என்று மனப்பாடம் செய்தவர் இந்த மத்தியானத்தை ஒருநாளும் பிடிக்கமாட்டார்.

இனி ஃபில். இது வானம். பின்னேரம் என்றால் எல்லாத்தையும் செம்மஞ்சள் ஆக்குவது என்று கனபேர் நினைக்கினம். கீயும் ஃபில்லும் ஒரே செம்மஞ்சளாக இருந்தால் படத்தின் மேல் கலர் கண்ணாடித்தாள் ஒட்டின மாதிரித்தான் இருக்கும். பின்னேரத்தைக் காட்டுவது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். வெய்யில் 3500 கெல்வின் அளவில் மஞ்சளாக விழ, வெய்யில் படாத இடம் வானத்தின் நீலத்தை எடுக்க வேண்டும். அளவுக்கு ஒரு வழி இருக்கு. கீயை மட்டும் வைத்து ஒரு ரெண்டர், ஃபில்லை மட்டும் வைத்து இன்னொன்று எடுங்கோ. சுவரில் ஒரே புள்ளியில் இரண்டின் எண்களையும் ஒப்பிடுங்கோ. இந்தக் காட்சிக்கு நாலுக்கு ஒன்று எனக்குச் சரியாகப் பட்டது. இரண்டுக்கு ஒன்று வைத்தால் மப்பு வானம் மாதிரிப் போச்சு. இதில் கவனிக்க வேண்டியது World பின்னணி. புதுக் கோப்பில் அது சாம்பலாக எரிந்துகொண்டே இருக்கும், அதாவது நீங்கள் வைக்காத ஒரு ஃபில். எல்லா லைட்டையும் அணைத்த பிறகும் காட்சி முழுக்கக் கறுக்கவில்லை என்றால் காரணம் அனேகமாக அதுதான்.

எங்கட நிறத்தோல் முகம் இருட்டாக விழுது என்று ஃபில்லைக் கூட்டிக்கொண்டே போவதையும் பார்க்கிறேன். அதோடு பின்னேரம் செத்துப்போகும். கறுத்த தோல் வடிவம் காட்டுவது கூடுதலாகப் பளபளப்பில்தான். கன்னத்திலும் மூக்கிலும் அகலமான ஒரு வெளிச்சம் பிரதிபலித்தால் போதும், நிழல் நிழலாகவே இருக்கலாம்.

அந்த அகலமான வெளிச்சத்தை ரிம்மிலிருந்தே எடுக்கலாம். எங்கட பழைய வீடுகளில் முன்வாசலுக்கு நேரே பின்வாசல் இருக்கும். அம்மம்மாவுக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கத்தில் கதவு திறந்திருக்கு. அந்தக் கதவளவுக்கு ஒரு Area லைட்டை உள்ளே நிறுத்தி, கொல்லைப்புற வானத்தின் நீலத்தைக் கொடுத்தால், நரைத்த முடியின் ஓரத்தையும் வலக் கன்னத்தையும் அது பிடிக்கும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். ‘இந்த வெளிச்சம் எங்கேயிருந்து?’ என்று யாராவது கேட்டால் கதவைக் காட்டலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் கண் தவறான இடத்துக்குப் போகும். இந்தக் காட்சியில் வெய்யில் பட்ட வெள்ளைச் சுவர்தான் முதலில் இழுக்கும், அம்மம்மா இரண்டாவது. ஆர்வத்தில் அவவுக்கு இன்னொரு லைட் போட்டால் சுவரோடு போட்டிதான். செய்ய வேண்டியது சுவரின் வெளிச்சத்தைக் குறைப்பது. முற்றத்தில், கமராவுக்கு வெளியே, இலை வடிவம் வெட்டின ஒரு தட்டை வைத்து மாமர நிழலைச் சுவரில் விழுத்துங்கோ. சட்டகத்துக்குள் வந்துவிட்டால் சைக்கிள்ஸில் அந்தப் பொருளின் Ray Visibility பகுதியில் Camera என்பதை எடுத்துவிடலாம். தட்டு தெரியாது, நிழல் மட்டும் இருக்கும். வெய்யில் துண்டு சுளகிலும் கைகளிலும் மட்டும் விழும்படி தட்டை நகர்த்துங்கோ. கண் போவது அதிக வெளிச்சத்துக்கு என்பதைவிட, வெளிச்சமும் இருட்டும் கடுமையாக முட்டுகிற இடத்துக்கு என்பதுதான் சரி. சோதிக்க, ரெண்டரை முத்திரையளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கோ. முதலில் தெரிவது சுளகு என்றால் சரி. சுவர் என்றால் தட்டு இன்னும் நகர வேண்டும்.

ஸ்டூடியோ முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாடலை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டவோ ஒரு பொருளை விற்கவோ அதுதான் சரி, அங்கே நேரம் தேவையில்லை. கதைக்குத் தேவை. அம்மம்மா தனிய இருந்து அரிசி புடைக்கிற ஐந்தேகாலும், பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஆக்களோடு கதைத்தபடி புடைக்கிறதும் ஒரே மாடல், ஒரே அசைவு. ஆனால் ஒரே கதை இல்லை. அந்த வித்தியாசத்தை வசனம் இல்லாமல் சொல்லக்கூடியது வெளிச்சம் மட்டும்தான். அதை ஒரு சொடுக்கிடம் விட்டால் எங்கட விறாந்தையும் யாரோ ஒருவரின் ஸ்டூடியோவாகிவிடும்.