சராசரியில் தெரியாத மூன்று மணி

குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர் இப்போதெல்லாம் பழைய மருந்துச் சீட்டுகளோடு கைப்பேசித் திரையின் படம் ஒன்றையும் கொண்டுவருகிறார்கள். பிள்ளை ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தது, எந்த வகைச் செயலிகளில் அந்த நேரம் கழிந்தது, இரவில் எப்போது கைப்பேசி விழித்திருந்தது என்பதையெல்லாம் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்து தந்துவிடுகிறது. அந்தப் படத்தை எங்கள் முன் நீட்டும்போது பெரும்பாலோர் விரல் வைத்துக் காட்டுவது மேலே பெரிய எழுத்தில் இருக்கும் ஒரே ஓர் எண்ணை. “பாருங்கள் டாக்டர், நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம்!” பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பதே எங்கள் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட கோடுகளை. நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகளின் வீட்டில் இது இன்னும் கட்டாயம். ஏன் என்பதை அப்படி வந்த ஒரு படத்தைக் கொண்டே விளக்குகிறோம். யாருடையது என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

பிள்ளைக்கு வயது பதின்மூன்று. ஆஸ்துமாவுக்காகச் சில ஆண்டுகளாக இங்கே வந்துபோகிறான். அப்பாவின் பழைய ஐபோன் இப்போது அவன் கையில் இருக்கிறது. படத்தில் Daily Average என்ற இடத்தில் 5 மணி 12 நிமிடம் என்றிருந்தது. வாரக் கணக்கில் 36 மணி 24 நிமிடம். Show Categories என்பதைத் தொட்டால் வரும் பட்டியலில் Entertainment 15 மணி 30 நிமிடம், Social 7 மணி 10 நிமிடம், Education 5 மணி 20 நிமிடம், Games 4 மணி 40 நிமிடம். எஞ்சிய நேரம் சில்லறைச் செயலிகளுக்குப் போயிருந்தது.

வகைப் பெயர்களை நம்பித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. செயலி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. பிள்ளை அதில் என்ன செய்தது என்பதைச் சொல்வதில்லை. வகுப்பு ஆசிரியர் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் அதைப் பார்த்து எழுதிய நேரம் முழுவதும் Social கணக்கில் சேரும். கணக்குப் பாடக் காணொளியும் சினிமாப் பாட்டும் ஒரே செயலியில் ஓடினால் இரண்டும் ஒரே வகைதான். எதிர்ப்பக்கமும் உண்டு: Education என்று வரும் நேரமெல்லாம் படிப்பும் ஆகிவிடாது. அந்தத் தந்தை பதினைந்து மணி நேரக் கேளிக்கையைச் சுட்டிக் கோபப்பட்டார். அதில் எவ்வளவு பாடம், எவ்வளவு பாட்டு என்று அந்தப் படத்தைக் கொண்டு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சராசரியை ஒதுக்கிவிட்டு Day என்பதைத் தொட்டு ஒவ்வொரு நாளாகப் புரட்டினோம். அங்கே மணிக்கு ஒரு கோடு நிற்கும். கோட்டின் உயரம் அந்த மணிக்குள் திரை எத்தனை நிமிடம் எரிந்தது என்பதைக் காட்டும். ஏழு நாட்களில் நான்கு நாட்கள் ஒரே உரு தெரிந்தது. இரவு பத்து மணியோடு கோடுகள் நின்றுவிடுகின்றன. பிறகு நான்கு மணி நேரம் வெறுமை. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே சுமார் பதினைந்து நிமிடம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருபத்தைந்து நிமிடம். அதன்பின் காலை ஆறரை வரை மீண்டும் வெறுமை.

கணக்கைப் பாருங்கள். இரவொன்றுக்கு நாற்பது நிமிடம், நான்கு இரவுக்கு 160 நிமிடம். அதை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 23 நிமிடம்கூட வருவதில்லை. 5 மணி 12 நிமிடத்துக்குள் அது கரைந்துபோகிறது. தந்தையின் கண்ணுக்கு அது படாமல் போனதில் வியப்பில்லை. பட்டபோது அவர் சொன்னது: “அப்படியானால் எங்களை ஏமாற்றிவிட்டு நடுராத்திரியில் விளையாடுகிறான்.”

அந்த உரு அப்படிச் சொல்லவில்லை. இரவுக் கோடுகள் பலவாறாக அமையும், ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்லும். மாலையில் தொடங்கிய கோடுகள் இடைவெளியின்றிப் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று நீண்டால் பிள்ளை தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்று கொள்ளலாம். அதற்கு மருத்துவரைவிடக் கூடத்து அலமாரியே நல்ல மருந்து. கைப்பேசி இரவில் அங்கே உறங்கட்டும். இரண்டு மூன்று மணி நேரம் முழு உயரக் கோடுகளாக நின்று, Pickups என்ற வரைபடத்தில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால், காணொளி ஓடிக்கொண்டிருக்கப் பிள்ளை உறங்கிப்போயிருக்கக்கூடும். திரை எரிந்தது என்பதால் கண் விழித்திருந்தது என்று ஆகாது. நாம் இப்போது பார்க்கும் படமோ வேறு: வேளையோடு உறங்கிய பிள்ளை பின்னிரவில் விழித்திருக்கிறது, கைப்பேசியை எடுத்திருக்கிறது, அரை மணிக்கு மேல் தூக்கம் வராமல் இருந்துவிட்டு மறுபடி உறங்கியிருக்கிறது. இங்கே விழிப்பு முந்தியது, திரை பிந்தியது. விளையாட்டுக்காகத் திட்டமிட்டு எழும் பிள்ளைகளும் இல்லாமல் இல்லை. ஆனால் நோயுள்ள பிள்ளையிடம் அந்த ஐயம் முதலாவதாக வரலாகாது.

ஆகவே அவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை, எதனால் விழிப்பு வந்தது என்று கேட்டோம். இருமல் என்றான். மார்பு இறுகினாற்போல் இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும், அதுவரை ஒலியைக் குறைத்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன் என்றான். அம்மா விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட வேண்டும் என்பதால் எழுப்புவதில்லையாம். தடுப்பு மருந்தாகத் தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரை, நன்றாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக அவன் தொடவே இல்லை. மூச்சு திணறும்போது இழுக்கும் மற்றொன்றை மட்டும் வைத்துச் சமாளித்திருக்கிறான்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய நாங்கள் வழக்கமாகக் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்று, இருமலோ மூச்சிரைப்போ இரவில் எழுப்புகிறதா என்பது. மூச்சுக்குழல்கள் பின்னிரவில் மேலும் சுருங்கும் இயல்புடையவை என்பதால் நோயின் குறி அந்த நேரத்தில்தான் முதலில் தலைகாட்டும். முந்தைய வருகையில் இதே கேள்விக்கு, நன்றாகத் தூங்குகிறான் என்று வீட்டார் பதில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு இரவுகளையும் கைப்பேசி மட்டும் எழுதி வைத்திருந்தது.

மருந்தை மறுபடி தொடங்கி, இழுக்கும் முறையையும் சரிபார்த்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வந்த படத்தில் ஒரே ஓர் இரவில் மட்டும் சிறு கோடு இருந்தது. தினசரிச் சராசரி ஏறத்தாழ அதே ஐந்து மணிதான். அது பகல் நேரத்துச் சிக்கல். அதை அப்பாவும் மகனும் பேசித் தீர்க்க வேண்டும்.

இதனால்தான், கோடுகளைக் கண்டவுடன் இரவு முழுவதும் பூட்டுப் போட்டுவிடும் அவசரத்தை நாங்கள் ஏற்பதில்லை. Downtime என்ற வசதியை அன்றே இயக்கியிருந்தால் மூன்று மணிக் கோடு மறைந்திருக்கும், இருமல் மறைந்திராது. நோயுள்ள பிள்ளையின் படத்தை இரண்டு வாரமாவது பார்த்து, காரணம் கேட்டு, பிறகு பூட்டுவதே முறை. முதல் வகை இரவுக்கு, அதாவது தூக்கத்தைத் தள்ளிப்போடும் பிள்ளைக்கு, பூட்டு நன்றாகவே உதவும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைகளின் வீட்டார் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் உணர்கருவியின் செயலி பிள்ளையின் கைப்பேசியில் இருந்தால், பூட்டுப் போடுமுன் அதை Always Allowed பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சர்க்கரை இறங்கும்போது ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை எந்தத் தடையிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. சேர்த்த பின் கைப்பேசியைப் பூட்டிய நிலையில் வைத்து, செயலி திறக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்தப் பிள்ளை நடு இரவில் அளவைப் பார்த்த நேரமும் அறிக்கையில் கோடாகத்தான் வரும். அதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு.

படத்தைப் படிப்பதில் நாள் கணக்கும் ஒரு பொறி. கைப்பேசிக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது. செவ்வாய்க்கிழமைப் படத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு நிற்கும் கோடு, நம் பேச்சு வழக்கில் திங்கட்கிழமை இரவைச் சேர்ந்தது. செவ்வாய் இரவு என்ன நடந்தது என்று கேட்டால் பிள்ளை ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்லும், நீங்கள் பொய் என்று நினைப்பீர்கள். அதேபோல் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை நீண்ட ஓர் இரவு இரண்டு நாள்களின் படத்தில் பாதி பாதியாகப் பிரிந்து கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் முழு உரு தெரியும். தம்பிக்கும் தாத்தாவுக்கும் கை மாறும் கைப்பேசியாக இருந்தால், எல்லோருடைய நேரமும் ஒரே பிள்ளையின் பெயரில் விழும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு நியாயம் கேட்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மாமாவும் அத்தையும் கேலி செய்த பிறகு எந்தப் பிள்ளையும் இரவில் இருமியதை நம்மிடம் சொல்லப்போவதில்லை.

மருத்துவமனைக்கு வரும்போது, நடப்பு வாரத்தை விட்டுவிட்டு முடிந்துபோன ஒரு முழு வாரத்தின் ஏழு நாள் படங்களையும் தனித்தனியாக எடுத்து வாருங்கள். சில வாரங்களுக்கு மேற்பட்ட பழைய விவரம் கைப்பேசியில் நிற்பதில்லை. ஒவ்வொரு படமும் எந்த இரவைச் சேர்ந்தது என்பதையும், அந்த இரவு இருமல், வலி, அரிப்பு, தாகம், சிறுநீர் கழிக்க எழுந்தது, கெட்ட கனவு என்று பிள்ளை சொன்னது எதுவானாலும் அதையும் ஒரு தாளில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.