நாற்பது நோட்டு, பத்துக் கணக்கு

பாடவேளை முடியும் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சாக்பீஸைக் கீழே வைத்தபடியே ஆசிரியர் சொல்கிறார்: "பயிற்சில ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் போட்டுட்டு வாங்க." வீட்டுப்பாடம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. நானும் பல வருஷம் இப்படித்தான் கொடுத்தேன். பத்து என்ற எண்ணை யார் முடிவு செய்தார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. புத்தகத்தில் பத்து இருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார் ஒரு கணக்கு போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் 40 பேர், ஆளுக்குப் பத்து என்றால் 400 கணக்குகள். ஒன்றை வழிமுறையோடு படிக்க 20 விநாடி ஆகும் என்று வைத்தாலும் மொத்தம் 8,000 விநாடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையில் இருப்பதோ ஓய்வுப் பாடவேளை ஒன்று, முக்கால் மணி. அதனால் கடைசி விடையை மட்டும் பார்த்து ஒரு சிவப்பு டிக், கீழே ஒரு கையெழுத்து, தேதி. பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்பது அந்த நோட்டிலேயே புதைந்துவிடும். எத்தனை கணக்கை என்னால் உண்மையில் படிக்க முடியுமோ, வீட்டுப்பாடம் அந்த அளவுதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் கே.ஜி.கண்டிகையை எடுத்துக்கொள்வோம். இங்கே ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் பாடம் இன்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-இல்தான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெலுங்கு, பள்ளி மொழி தமிழ். கடையில் நின்று அரை கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால் "முக்கால்" என்று ஒரு பிள்ளையும் "முப்பாவு" என்று இன்னொரு பிள்ளையும் யோசிக்காமல் சொல்லும். அதே பிள்ளைகள் நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிடுவது, பின்னப் பாடத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வருகிற பிழை.

முதலில் வீட்டுப்பாடத்தின் நீளம். ஒன்றிய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இதையே சொன்னது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது அந்தக் கொள்கை வைத்திருக்கும் உச்ச அளவு. ஆறாம் வகுப்பின் ஒரு மணி நேரத்தை ஐந்து பாடங்கள் பங்குபோட்டுக்கொண்டால் கணக்குக்கு 12 நிமிடம். ஒரு கணக்குக்கு மூன்று நிமிடம் என்றால் நாலு கணக்கு. ஆனால் ஐந்து ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல், அவரவர் பாடம்தான் உலகம் என்று ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுத்தால் பிள்ளையின் இரவு இரண்டரை மணி நேரம் காலி. எந்த ஆசிரியரும் தனியாகத் தப்பு செய்திருக்க மாட்டார். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, அவரவர் கொடுத்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு அது கண்ணில் படும்.

நாலு கணக்கு போதுமா என்று கேட்பீர்கள். எந்த நாலு என்பதைப் பொறுத்தது. நான் கொடுப்பது இவை: 2/7 + 3/7, 1/2 + 1/4, 2/3 + 1/5. நாலாவது கணக்கு அல்ல, கேள்வி: "ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். கூட்டிப் பார்க்காமலேயே இது தப்பு என்று எப்படிச் சொல்வாய்?"

முதல் கணக்கு கைப்பழக்கத்துக்கு. இரண்டாவது, அந்த முக்காலையும் முப்பாவையும் நோட்டுக்குக் கொண்டுவருவதற்கு. மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சரியான விடை 13/15. மேலும் கீழும் கூட்டுகிற பிள்ளைக்கு 3/8 வரும். பகுதியை 15 ஆக்கத் தெரிந்து, தொகுதியை மாற்ற மறந்த பிள்ளைக்கு 3/15 வரும். ஒவ்வொரு பிழையும் தனித்தனிக் காலடித் தடம் பதிப்பதால், விடையைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளை எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடுகிறது. எண்களை யோசிக்காமல் பொறுக்கினால் இது நடக்காது. தசமத்தில் 0.75, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் பார்த்து, 75 ஐந்தைவிடப் பெரியது என்று நினைக்கிற பிள்ளையும் சரியான விடையைத்தான் எழுதும். நாமும் டிக் போட்டுவிட்டுப் போவோம். 0.5, 0.25 என்று கேட்டால் அந்தப் பிழை வெளியே வந்துவிடும்.

நாலாவது கேள்விக்கு விடை ஒரே வரி. ஐந்தில் பாதி இரண்டரை. ஆகவே 2/5 அரையைவிடக் குறைவு. அரையோடு எதையாவது சேர்த்தால் அரையைவிட எப்படிக் குறையும்? இதைப் பிள்ளை தன் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். காலையில் பிரார்த்தனைக்கு முன்னால் ஒரு நோட்டைச் சுற்றி ஐந்து தலைகள் கூடுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. 13/15-ஐக் காப்பியடிக்கலாம், கண்டுபிடிப்பது கஷ்டம். ஐந்து நோட்டில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால் விசாரணையே தேவையில்லை.

மணி அடித்த பிறகு இதைச் சொல்லக்கூடாது. பாடவேளையின் கடைசி எட்டு நிமிடத்தை ஒதுக்கி, முதல் கணக்கை வகுப்பிலேயே போட வைக்க வேண்டும். அதிலேயே கால்வாசிப் பேர் திணறினால் பாடம் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். அன்றைக்கு வீட்டுப்பாடத்தை நிறுத்திவைப்பதுதான் நேர்மை. புரியாததை வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை அந்தப் பிழையை நாலு தடவை எழுதிப் பழகிக்கொண்டு வரும். வீட்டில் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைப்பதற்கில்லை. இந்தப் பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீடுகள் உண்டு. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே பாதி ஊர் கடை போட்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போகும் இந்தச் சுமையைப் பற்றிய பேச்சு புதிதல்ல. ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993-இல் அறிக்கை தந்தது. மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடம் தேவைப்பட்டால் அது பாடநூலைத் தாண்டியதாக இருக்கட்டும் என்றது அந்த அறிக்கை. முப்பது வருஷம் தாண்டி அது 'புராஜெக்ட்' ஆகி, நெட் சென்டரில் அச்செடுத்து சார்ட்டில் ஒட்டும் வேலையாகக் குறுகிவிட்டது. பாடநூலைத் தாண்ட வேண்டுமென்றால் மலைக்கோயிலின் 365 படிகள் இருக்கின்றன: ஐந்தில் ஒரு பங்கு ஏறிய பாட்டி உட்கார்ந்துவிட்டால் இன்னும் எத்தனை படி?

நோட்டின் தலைப்பில் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் பிள்ளை எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். 7.10 முதல் 7.25 வரை என்றிருந்தால் சரி. இருபது நிமிடம் ஆகிவிட்டால் முடியாவிட்டாலும் ஒரு கோடு போட்டு மூடிவிடலாம், திட்டு கிடையாது. அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்பதே எனக்கு ஒரு தகவல். பலருக்கு இரண்டாம் கணக்குக்குக் கீழே விழுந்திருந்தால் தப்பு என்னுடையது. சில பிள்ளைகள் என்னைச் சந்தோஷப்படுத்த நேரத்தைக் குறைத்து எழுதுவார்கள் என்பதும் தெரியும். கோட்டைத்தான் அதிகம் நம்புகிறேன்.

மறுநாள் முதல் இரண்டு கணக்கை நோட்டு மாற்றி அவர்களே திருத்திக்கொள்வார்கள், மூன்று நிமிடம் போதும். நான் படிப்பது மூன்றாவதையும் நாலாவதையும் மட்டும். நோட்டுக்கு அரை நிமிடம் என்றால் நாற்பதுக்கு இருபது நிமிடம். படிக்கப் படிக்க மேசையில் மூன்று அடுக்காகப் பிரித்துவிடுவேன்: 13/15, 3/15, 3/8. அடுத்த வேலையைச் சொல்வது அந்த அடுக்குகளின் உயரம்தான். 3/8 அடுக்கில் ஐந்து நோட்டு இருந்தால் அந்த ஐவரைக் கூப்பிட்டுக் கடலைமிட்டாயையோ காகிதத் துண்டையோ மடித்துக் காட்டினால் போதும். இருபத்தைந்து இருந்தால் நோட்டில் எழுதிப் பயனில்லை, பாடத்தைத்தான் மறுபடி நடத்த வேண்டும். 3/15 அடுக்குக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "மூன்றில் இரண்டு என்பது பதினைந்தில் எத்தனை?" சரியான விடையை எழுதிக்கொடுக்கமாட்டேன். கீழே இரண்டு வரி காலியாக விடுவேன். அதில் பதில் எழுத அன்றைய வகுப்பின் முதல் ஐந்து நிமிடம். நேரம் கொடுக்காமல் குறிப்பு மட்டும் எழுதினால் யாரும் படிப்பதில்லை. பத்துக்கு எத்தனை என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்த நோட்டுகளில் நான் மதிப்பெண் போடுவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனையை 1988-இல் வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் வந்ததும் எழுத்தின் மேல் கண் போவதில்லை. ஒரு சோதனையை வைத்து எல்லா வகுப்புக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். பொதுத்தேர்வுக்குத் தயாராகும் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் இல்லாமல் காலம் தள்ளவும் முடியாது. ஆறாம் வகுப்பின் செவ்வாய்க்கிழமை நோட்டுக்கு அது தேவையில்லை.

இதற்கு எதிராக வரும் குரல் பெற்றோரிடமிருந்துதான். "நாலே கணக்கா சார்? டவுன் பள்ளிக்கூடத்துல பக்கம் பக்கமா குடுக்கறாங்களே" என்று ஒரு அப்பா கேட்டார். பையன் நோட்டைத் திறந்து, அவன் இரண்டு வரியில் எழுதிய பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுதாகச் சமாதானம் ஆகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். "அதுக்குன்னு ஒரு ஆறாவது குடுங்க சார்" என்றுவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர்களுக்கும் ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோட்டைப் புரட்டும்போது எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று தேடுவீர்கள். அடுத்த முறை ஒரே ஒரு பக்கத்தில் நிறுத்தி, சிவப்பு மைக் கேள்விக்குக் கீழே பிள்ளையின் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் காரணம் கேளுங்கள்.