பணம் வரலைன்னா பக்தர் மேல பழி போடாதீங்க!

நம்ம ஆலய இணையக் கடையைப் பற்றி ரெண்டு நாளா வாட்ஸ்அப் குழுவுல ஓடுற பேச்சுக்கு, தொண்டர்கள் நாங்க இங்கே பதில் சொல்றோம்.

தைப்பூசப் பால்குடத்துக்கு இணையத்துல பதிவு செய்தவங்க 46 பேர். ஆளுக்கு 40 வெள்ளி, மொத்தம் 1,840 வெள்ளி. அத்தனை பேருக்கும் "கட்டணம் வெற்றி" என்று ரசீது போயிருக்கு. ஆலய வங்கிக் கணக்குல ஒரு காசுகூட வரல. உடனே, "இவங்க ஏமாத்திட்டாங்க, ரசீதை ரத்து பண்ணுங்க"ன்னு சிலர் சொல்றாங்க.

ஏமாத்தினது பக்தர் இல்லைங்க. தப்பு நம்ம பக்கம்.

கட்டண நிறுவனம் ரெண்டு விதமான சாவி கொடுக்கும். ஒன்று ஒத்திகைக்கு, `sk_test_` என்று தொடங்கும். மற்றது உண்மை வசூலுக்கு, `sk_live_` என்று தொடங்கும். கடையைத் திறந்தபோது ஒத்திகைச் சாவியை யாரும் மாற்றவே இல்லை.

முதல் நாளே அறிகுறி தெரிந்தது. கார்டு போட்டவங்களுக்கு ஏற்கப்படலை. ஒத்திகையில உண்மையான கார்டு செல்லாது. அது புரியாம, "எஃப்பிஎக்ஸ்ல கட்டுங்க"ன்னு நாங்களேதான் சொன்னோம். அங்கே வங்கியின் லாகின் பக்கம் வரவே இல்லை. அதற்குப் பதிலா ஒரு ஒத்திகைப் பக்கம், அதுல ஒப்புதல் பட்டன். அழுத்தினாங்க, வெற்றின்னு வந்தது. நாமும் ரசீது அனுப்பினோம். ஓர் அம்மா தன் வங்கி ஆப்பைத் திறந்து, "தம்பி, என் கணக்குல காசு கழியலையே"ன்னு காட்டின பிறகுதான் எங்களுக்கே விளங்கிச்சு.

ஒன்பது நாளா நிர்வாகம் என்ன செய்தது? ரசீது மின்னஞ்சலை எண்ணிச்சு. "பணம் வந்து சேர நாளாகும்"ன்னு சமாதானம் சொல்லிச்சு. கட்டண நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தா, உண்மை வசூல் பட்டியல் காலியா இருப்பதும், 46 பதிவும் ஒத்திகைப் பட்டியல்ல கிடப்பதும் ஒரு நிமிஷத்துல தெரிந்திருக்கும்.

அந்த 46 பதிவையும் இனி பணமா மாற்ற வழியே இல்லை. யார் கணக்குலயும் எதுவும் கழியலை. அதனால நாங்க கேட்பது இதுதான். ரசீது வச்சிருக்கிற யாரையும் வாசல்ல நிறுத்தாதீங்க. நடந்ததை மறைக்காம சொல்லி, மன்னிப்புக் கேளுங்க. மறுபடி கட்டுவது அவங்க விருப்பம். கட்டலைன்னா அந்த 1,840 வெள்ளியை நிர்வாகம் ஏற்கட்டும்.

இனி சாவியை மாற்றினா மட்டும் போதாது. கட்டணம் வந்ததைக் கடைக்குச் சொல்லும் வெப்ஹூக்கின் ரகசியச் சாவியும் உண்மை வசூலுக்குத் தனி. அதை மறந்தா பணம் வரும், ரசீது போகாது. செயலவையில ஒருத்தர் சொந்தக் கணக்கிலிருந்து ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கி, அந்தப் பணம் ஆலய வங்கிக் கணக்குல வந்து சேர்ந்ததைப் பொருளாளர் பார்த்த பிறகு கடையைத் திறங்க. அதுவரைக்கும் மூடியே இருக்கட்டும்.