டோக்கன் போட்டாச்சு. சரி, எதற்கு?

"டோக்கன் அட்வான்ஸ் 2 லட்சம் கிடைத்தது. நான் ரீஃபண்டபிள். நன்றி."

இதற்குப் பெயர் ரசீதாம். சாலைக் கடைத்தெருவில் ஒரு மூட்டை வற்றல் மிளகாய்க்குத் துண்டுச்சீட்டு எழுதாமல் பணம் தராத அண்ணாச்சிமார்கூட, ஆரியசாலைப் பக்கம் வீடு வாங்கும்போது புரோக்கரின் இந்த ஒற்றை வரியை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கேட்டால், "எழுதிக் கேட்டா மலையாளத்துக்காரர் என்ன நினைப்பார் சார்?" என்கிறார்கள். அவர் எதுவும் நினைக்க மாட்டார். அவரும் வியாபாரிதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்துப் பார்ப்போம். விலை 48 லட்சம், டோக்கன் 2 லட்சம், வங்கிக் கடன் 36 லட்சம். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மேலே உள்ள வரியை அனுப்பியது புரோக்கர். அதில் எந்த வீடு என்று இல்லை, விலை இல்லை, பணம் யாருக்குப் போனது என்றும் இல்லை. நாளைக்கு வீட்டுக்காரர் "50 லட்சம் என்றல்லவா பேசினோம்" என்றால் காட்ட ஒன்றும் கிடையாது. "2 லட்சமா? அதில் பாதி புரோக்கர் கமிஷன்" என்று சொன்னாலும் அதே கதைதான். "மொத்த விலையில் கழியும், பாக்கி 46 லட்சம்" என்று பாக்கித் தொகையையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்த இரண்டு வாய்களும் ஒரே வரியில் அடைபடும்.

ரொக்கமாகத் தராதீர்கள். சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரி விதி. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். உங்களுக்கும் நஷ்டம் உண்டு: உரிமையாளர் கணக்கில் ஏறிய 2 லட்சத்தை வங்கி உங்கள் சொந்தப் பங்காக எடுத்துக்கொள்ளும். புரோக்கர் பையில் போனதை எங்கள் கவுண்டரில் யாரும் எண்ண மாட்டார்கள்.

இப்போது அந்த "நான் ரீஃபண்டபிள்". மந்திரம் மாதிரி சொல்கிறார்கள்! 2012-ல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்குப் பிணையாகக் கொடுத்த பணத்தை, நிபந்தனை தெளிவாக இருந்தால், வாங்குபவர் பின்வாங்கும்போது விற்பவர் வைத்துக்கொள்ளலாம், வெறுமனே விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படிப் பறிக்க முடியாது. அந்த வழக்கில் விலை 70 லட்சம், பிணைப்பணம் 7 லட்சம். வாங்குபவர் தவறினால் பணம் போகும், விற்பவர் தவறினால் இரட்டிப்பாகத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாங்கியவர் தவறினார், 7 லட்சமும் போனது.

கவனியுங்கள், அங்கே நிபந்தனை இரண்டு பக்கமும் இருந்தது. நம் புரோக்கரின் வரியில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. விற்பவர் நல்ல விலை வந்து வேறு ஆளுக்குக் கொடுத்தால்? வில்லங்கம் இருந்தால்? துபாய்க்காரரின் தங்கைக்கும் பங்கு உண்டென்று தெரியவந்தால்? மௌனம்.

கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதும் நியாயமில்லை. பத்திரக் குறையால் வங்கி வக்கீல் மறுத்தால் அது விற்பவர் பாடு. உங்கள் சம்பளம் போதாமல் மறுத்தால், 30 நாள் வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தவர் ஏன் முழு நஷ்டத்தையும் சுமக்க வேண்டும்? இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நான் திருத்திக் கொடுத்தது இப்படி:

"ஆரியசாலையில் ... எண் வீட்டை ரூ. 48,00,000-க்கு விற்க ஒப்புக்கொண்டு, உரிமையாளரான நான் இன்று என் வங்கிக் கணக்கில் ரூ. 2,00,000 முன்பணமாகப் பெற்றேன். இது விலையில் கழியும், பாக்கி ரூ. 46,00,000. புரோக்கர் கமிஷன் இதில் சேராது. 30 நாளுக்குள் விற்பனை ஒப்பந்தம் எழுதுவோம். நான் விற்க மறுத்தாலோ, உரிமையில் குறை அல்லது வில்லங்கம் இருந்தாலோ, பத்திரக் காரணத்தால் வங்கி எழுத்தில் மறுத்தாலோ, 7 நாளில் முழுத்தொகையையும் வங்கி வழியே திருப்பித் தருவேன். வாங்குபவரின் வருமானக் காரணத்தால் கடன் மறுக்கப்பட்டால் ரூ. 25,000 கழித்துத் தருவேன். வேறு காரணமின்றி அவர் பின்வாங்கினால் ரூ. 50,000 வைத்துக்கொண்டு மீதியைத் தருவேன்."

தொகைகள் பேசி முடிவு செய்ய வேண்டியவை. 50,000-க்குப் பதில் முழு 2 லட்சமும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அப்போதாவது எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சம்மதிப்பீர்கள்.

இந்தச் செய்தி உரிமையாளரின் எண்ணிலிருந்து உங்களுக்கு வர வேண்டும். பெற்றவர்தானே ரசீது தர வேண்டும்! நீங்கள் எழுதி அனுப்பி அவர் கட்டைவிரல் காட்டினால் போதாது. ஊரில் இருக்கும் தம்பி கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேரிடமிருந்தும் செய்தி வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.