விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று வாதிடும் கட்டுரையை உங்கள் அண்மை இதழில் படித்தேன். கட்டுரையாளர் காட்டும் எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் வந்தடைந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

2015-ல் நீதிமன்றங்கள் முடித்த வழக்குகள் 15,638. தண்டனையில் முடிந்தவை 4,119. திரும்பப் பெறப்பட்டவை 495. விடுதலையிலோ, விசாரணைக்கு முன்பே விடுவிப்பிலோ முடிந்தவை 11,024. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அளித்த தீர்ப்பிலும் இதே எண்கள் உள்ளன. இதை வைத்து, பத்தில் ஏழு வழக்குகள் பொய் என்கிறார் கட்டுரையாளர்.

ஆனால் 'விடுதலை' என்றால் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று பொருள். குற்றமே நடக்கவில்லை என்று பொருளல்ல. பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997-ல் 58 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013-ல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கட்டுரையாளரின் கணக்கில் இதுவும் பொய் வழக்குகளின் பக்கம்தான் சேரும். அந்த 58 உடல்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

'பொய்ப் புகார்' என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனிக் கட்டம் வைத்திருக்கிறது. புலனாய்வு முடிவில் காவல் துறை எழுதும் முடிவு அது. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிப் படித்ததில்தான் கட்டுரை வழுக்குகிறது. மற்ற இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளிலும் அதே ஆண்டில் பாதிக்கும் மேல் விடுதலையில்தான் முடிந்தன. அதனால் திருட்டுப் புகார்களில் பாதி பொய் என்று யாரும் எழுதுவதில்லை.

வன்கொடுமை வழக்குகளில் தண்டனை இன்னும் குறைவு என்பது உண்மை. அதற்கான காரணத்தைத் தீர்ப்புகளில் தேட வேண்டும். டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்பது 1995 விதிகளின் 7-ஆம் விதி. அதை மீறியதால் விழுந்த வழக்குகள் உண்டு. சாதிச் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டதால் விழுந்தவை உண்டு. யாருடைய நிலத்தில் கூலி வேலை செய்கிறாரோ அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டியிருப்பவர் கூண்டில் ஏறிப் பிறழ்ந்துவிடுவதும் உண்டு. இவற்றில் எதுவும் புகார்தாரரின் பொய் அல்ல.

வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை வேண்டும் என்கிறது கட்டுரை. 2018 தீர்ப்பு சொன்னதும் அதுதான். அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அதற்கு முடிவு கட்டியது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. கட்டுரையில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு மாவட்டத்தின் விடுதலைத் தீர்ப்புகளை எடுத்து, எது எதனால் விழுந்தது என்று பிரித்து எழுதுங்கள். அப்போது கிடைக்கும் எண் எதுவானாலும் அதை வைத்து விவாதிக்கலாம்.


ஒரு சமூகப் பணியாளர்