விலையைக் குறைக்குமுன் நான்கு வாரம் பொறுங்கள்

பக்கத்துத் தெருவில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று திறந்துவிட்டால் போதும், நம்மவர்கள் மறுநாளே கரும்பலகையில் பருப்பு விலையை அழித்து எழுதிவிடுகிறோம். விற்பனை கூடினாற்போல் தெரிகிறது. கல்லாவிலும் கூட்டம். வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதுதான் லாபம் எங்கே போனதென்று தேடுகிறோம். இந்தத் தவற்றைச் செய்ய நானும் தயாராகத்தான் இருந்தேன். தடுத்தவர் என் தம்பி.

எங்கள் இருவருக்கும் மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் ஆளுக்கொரு மளிகைக் கடை. ஒரு கடை வாடிக்கையாளர் மற்றதற்குப் போவது அபூர்வம். உதிரித் துவரம் பருப்பு எங்களுக்கு அடக்கவிலை கிலோ 140 ரூபாய், விற்பது 160. நான் 155 ஆக்கலாம் என்றேன். "அண்ணே, இரண்டு கடையிலும் ஒரே நாளில் குறைத்தால் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று எப்படித் தெரியும்? முதலில் ஒரு கடையில் மட்டும் குறைப்போம்" என்றார் தம்பி.

அப்படியே செய்தோம். முதல் இரண்டு வாரம் என் கடையில் 155, தம்பி கடையில் 160. அடுத்த இரண்டு வாரம் மாற்றி, எனக்கு 160, அவருக்கு 155. இப்படி மாற்றிப் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. என் கடை பெரிது, அவர் கடை சிறிது. மாத முதல் வாரம் சம்பள வாரம், கடைசி வாரம் மந்தம். ஒவ்வொரு கடையும் இரண்டு விலையையும் பார்த்துவிட்டால், இந்த வித்தியாசங்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக ஏறிக் கழிந்துவிடும். விலை கடைக்கு வரும் எல்லோருக்கும் பலகையில் எழுதியபடிதான். ஆள் பார்த்து விலை சொல்வதல்ல இது.

தொடங்குமுன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். கிலோவுக்கு 20 ரூபாய் கிடைத்த இடத்தில் இனி 15தான். ஆகவே மூன்று கிலோ விற்ற இடத்தில் நான்கு கிலோ விற்றால்தான் பழைய லாபம். அந்த அளவு ஏறாவிட்டால் பழைய விலையே என்று முடிவு. இதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருகிற எந்த எண்ணையும் மனம் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும்.

வளைக்கப் பார்த்தேன், ஒளிப்பானேன். என் கடையில் சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு 120 கிலோ போகும். புது விலையில் 148 போயிற்று. "சோதனை போதும், விலையைக் குறைத்தே விடலாம்" என்று தொலைபேசியில் கூவினேன். தம்பி பில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 15 கிலோ ஒரே கல்யாண வீட்டுக்குப் போனது. அவர்கள் எந்த விலையாயினும் வாங்கியிருப்பார்கள். அதைக் கழித்தால் 133. அதே இரண்டு வாரத்தில் விலை குறைக்காத தம்பி கடையிலும் 90க்குப் பதில் 97 போயிருந்தது. சம்பள வாரத்தின் வேலை.

நான்கு வாரமும் முடிந்தபின் கூட்டினோம். பழைய விலையில் தம்பி கடை 97, என் கடை 113, ஆக 210 கிலோ. லாபம் 4,200 ரூபாய். புது விலையில் என் கடை 133, தம்பி கடை 98, ஆக 231 கிலோ. லாபம் 3,465 ரூபாய். வேண்டியிருந்தது 280 கிலோ. கல்யாணச் சரக்கைச் சேர்த்தாலும் 246க்கு மேல் போகவில்லை.

இதிலிருந்து "விலை குறைத்தால் பத்து சதம் விற்பனை ஏறும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய நாள்வழியைப் புரட்டினேன். விலையில் கை வைக்காத காலத்திலேயே என் கடையில் ஒரு வாரம் 54 கிலோ, இன்னொரு வாரம் 69 கிலோ போயிருக்கிறது. 21 கிலோ ஏற்றம் அந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடியது. மேலும், விலை மலிவாயிருந்தபோது சிலர் அடுத்த மாதத்துக்கும் வாங்கி வைத்திருப்பார்கள்; விலை ஏறியதும் என் கடையில் 113 ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். அப்படியானால் உண்மையான ஏற்றம் இன்னும் குறைவு. மூன்றுக்கு நான்கு என்ற அளவை எட்டவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

பருப்பில் விட்டதை மற்ற சாமானில் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே பில்களின் எண்ணிக்கையையும் குறித்து வந்தோம்; இரு விலையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் நான்கு வாரத்தில் தெரியாத ஒன்றுண்டு: வாடிக்கையாளர் மெல்ல மெல்ல அங்காடிப் பக்கம் நகர்கிறார்களா என்பது. அதற்கு இப்போது மாதப்பற்று வைத்துள்ள குடும்பங்களை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதி வருகிறோம். யார் எந்த மாதம் வரவில்லை என்று ஆறு மாதம் பார்ப்பதாக உத்தேசம். அதுவரை இரு கடைப் பலகையிலும் பருப்பு 160தான்.